முகம் அதே, வயது வேறு: உப்பளத்து முகமும் ஒப்பனையும்

ஒருவரைக் கிழவராகக் காட்டுவது பெரிய வேலை இல்லை. வெள்ளைத் தாடியும் நரைத்த டோப்பாவும் நெற்றியில் நாலு கோடும் போட்டால் யார் வேண்டுமானாலும் கிழவராகிவிடலாம். அந்த ஆளையே, அவர் இன்னார் என்பது மாறாமல், முதியவராகக் காட்டுவதுதான் கடினம். மேடையிலும் திரையிலும் ஒரே பாத்திரம் இருபத்தைந்து வயதில் தொடங்கி அறுபதில் முடியும்போது, பார்வையாளர் நடுவில் ஒருமுறைகூட 'இவர் யார்?' என்று கேட்டுவிடக்கூடாது. ஒப்பனைக்காரரின் திறமை அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

இதற்கு முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. முகத்தில் ஆளை அடையாளம் காட்டுவது எது, வயதைக் காட்டுவது எது? இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரம், கண்ணுக்கும் புருவத்துக்கும் உள்ள இடைவெளி, மூக்கின் நீளத்துக்கும் மேலுதட்டின் உயரத்துக்கும் உள்ள விகிதம், தாடையின் கோணம் ஆகியவற்றில்தான் சாயல் இருக்கிறது. இவை பெரும்பாலும் எலும்பைச் சார்ந்தவை. வளர்ந்த ஆளுக்கு இவை மெதுவாகவே மாறும். பற்கள் போய்த் தாடை எலும்பு தேய்ந்தால்தான் முகத்தின் கீழ்ப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி குறுகும். வயது தெரிவது எலும்பின் மேல் போர்த்திய பொருள்களில். தோல் தளர்கிறது; தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு சில இடங்களில் வற்றிச் சில இடங்களில் இறங்குகிறது; முடி நிறமிழந்து மெலிகிறது. ஆகவே ஒப்பனை தொட வேண்டியது இந்தப் போர்வையை மட்டும். கண்களின் இடைவெளியையோ மூக்கின் வடிவத்தையோ தொட்ட உடனே வயது கூடுவதோடு ஆளும் மாறிவிடுகிறார்.

முடி இந்தப் பிரிவினையில் ஒரு நடுவான இடத்தில் நிற்கிறது. முகம் அறிதல் பற்றி எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. நன்கு பழகிய முகத்தை மனிதர்கள் கண், மூக்கு, வாய் ஆகிய உட்பகுதிகளை வைத்துக் கூடுதலாக அடையாளம் காண்கிறார்கள். பழகாத முகத்தில் முடி, முகத்தின் வெளிக்கோடு போன்றவற்றுக்கும் அதே அளவு பங்கு இருக்கிறது. ஒப்பனைக்கு இதன் பயன் நேரடியானது. எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரத்தின் தலையில் முடியை எப்படி மாற்றினாலும் அவர் அவராகவே தெரிவார். முதல்முறையாக மேடையேறும் இளைஞரை முதியவராக்கும்போது வகிடு எடுக்கும் பக்கம், நெற்றியோர முடியின் வளைவு, மீசையின் அமைப்பு இவற்றில் ஒன்றையாவது விடாமல் காக்க வேண்டும். முடியை முழுக்க மாற்றிவிட்டு முகம் மட்டும் பேசும் என்று நம்பினால், இரண்டாம் காட்சியில் பார்வையாளர் அவரை வேறு பாத்திரமாக எண்ணிவிடுவார்.

இனி வயதின் பக்கம். வயது எல்லா முகத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. இதைக் கற்பதற்கு விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் மரக்காணம் உப்பளத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கே ஒரே ஊரில், ஒரே வயதில், இரு வகை முகங்களைப் பார்க்கலாம்: கடைக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ முப்பது ஆண்டு உட்கார்ந்தவரின் முகம், பாத்தியில் இறங்கி முப்பது ஆண்டு உப்பு வாரியவரின் முகம். இருவரும் அறுபதை நெருங்கியவர்களாக இருக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே ஒப்பனையைப் போட முடியாது.

தோல் முதுமையில் இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உடலுக்குள் தானே நிகழும் மாற்றம் ஒன்று. வெயில் செய்யும் மாற்றம் மற்றொன்று. முதல் வகையில் தோல் மெலிந்து, தளர்ந்து, மென்மையான சுருக்கம் காண்கிறது. இரண்டாம் வகையில் தோல் தடித்து, ஆழமாக வெடித்ததுபோல் மடிந்து, நிறம் திட்டுத்திட்டாகிறது. இவ்விரண்டும் ஒரே முகத்தில் பக்கம் பக்கமாக நின்ற காட்சியை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2012இல் ஒரு படமாக வெளியிட்டது. 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் அவர். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் பட்ட இடப்பக்க முகம் தடித்து ஆழ மடிந்திருந்தது. வலப்பக்கம் பல ஆண்டு இளமையாக இருந்தது. எலும்பு இரு பக்கமும் ஒன்றுதான். ஒரே ஆள், ஒரே சாயல், இரண்டு வயது. ஒப்பனை கற்பவர் முதலில் பார்க்க வேண்டிய படம் அது.

உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெண்மையான உப்புப் பரப்பும் பாத்தித் தண்ணீரும் ஒளியைக் கீழிருந்து மேலே எறிகின்றன. நிழல் தரும் மரமும் பக்கத்தில் இல்லை. இதனால் மற்ற வெயில் வேலைக்காரர்களிடம் ஓரளவு தப்பிக்கும் தாடையின் அடிப்பக்கமும் கண்ணிமையின் கீழ்ப்பகுதியும் இங்கே ஒளியை வாங்குகின்றன. கண் கூசுவதால் நாள் முழுக்க இமைகளை இடுக்கிக்கொண்டே வேலை நடக்கிறது. இந்த இடுக்கல்தான் உப்பளத்து முகத்தின் தனி அடையாளத்தைச் செய்கிறது.

சுருக்கம் எங்கே விழும் என்பதற்கு ஒரு விதி உண்டு: தசை இழுக்கும் திசைக்குக் குறுக்கே தோல் மடியும். நெற்றித் தசை மேலும் கீழுமாக இழுப்பதால் நெற்றிக் கோடுகள் கிடையாக விழுகின்றன. புருவங்களை நடுவில் சேர்க்கும் தசை பக்கவாட்டில் இழுப்பதால் புருவ மத்தியில் கோடு செங்குத்தாக நிற்கிறது. கண்ணைச் சுற்றிய தசை வட்டமாக இருப்பதால் கடைக்கண்ணில் கோடுகள் விசிறியாக விரிகின்றன. இந்த விதி தெரிந்தவருக்கு மனப்பாடக் கோடுகள் தேவைப்படாது. நடிகரைப் புருவம் உயர்த்தச் சொல்லி, முறைக்கச் சொல்லி, வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லி, கண்ணை இடுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் தோல் மடியும் இடத்தை மெல்லிய பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். இருபத்தெட்டு வயது முகத்திலும் அறுபது வயதுக் கோடுகள் ஏற்கெனவே மடிப்பாக ஒளிந்திருக்கின்றன. அந்தந்த இடத்தில் வண்ணம் வைத்தால் அது அவருடைய சொந்தச் சுருக்கம், சாயல் கெடாது. வேறு யாருடைய நெற்றியிலோ பார்த்த நான்கு கோட்டை இவர் நெற்றியில் வரைந்தால், அவர் புருவம் உயர்த்தும் நொடியில் உண்மையான மடிப்பு ஒரு இடத்திலும் வரைந்த கோடு வேறு இடத்திலும் தெரிந்து பொய் அம்பலமாகும். வரைந்த கோடு தவறு என்பதைக் கண்டுபிடிக்க மிக எளிய சோதனையும் இதுவே: நடிகரைப் பேசவும் சிரிக்கவும் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்த துணை குடும்பப் படங்கள். நடிகரின் தந்தை, தாய், தாய்மாமன் ஆகியோரின் ஐம்பது, அறுபது வயதுப் படங்கள் கிடைத்தால் கண்ணுக்குக் கீழே பை விழும் குடும்பமா, கன்னம் ஒட்டும் குடும்பமா, நெற்றி ஏறும் குடும்பமா என்பது தெரிந்துவிடும். காணாமற்போன பிள்ளைகள் இத்தனை ஆண்டுக்குப்பின் எப்படி இருப்பார்கள் என்று வரையும் தடயவியல் ஓவியர்களும் பெற்றோரின் அதே வயதுப் படங்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். அங்கே வேலை இன்னும் கடினமானது, ஏனெனில் பிள்ளைக்கு எலும்பே வளர்ந்து மாறுகிறது.

சுருக்கம் என்பது கோடு அல்ல, மேடும் பள்ளமும். பெரும்பாலான வயது ஒப்பனை கெடுவது இதை மறப்பதால்தான். நெற்றியில் ஒரு மடிப்பை எடுத்துக்கொண்டால், ஒளி மேலிருந்து விழும்போது மடிப்பின் மேல்பக்கப் புடைப்பு வெளிச்சமாக இருக்கும். அது கீழே உருண்டு இறங்க இறங்க நிழல் படிப்படியாகக் கூடும். பள்ளத்தின் அடியில் மிகக் கறுத்து, சட்டென்று முடிந்து, அடுத்த புடைப்பின் வெளிச்சம் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு மடிப்பிலும் நிழலின் கீழ் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், மேல் ஓரம் விரலால் தேய்த்துக் கரைக்கப்பட வேண்டும். அந்தக் கூர்மையான ஓரத்துக்கு ஒட்டிக் கீழே தோலைவிட இரண்டு படி வெளுத்த வண்ணம் மெல்லிய கீற்றாக வர வேண்டும். கறுப்புப் பென்சிலால் ஒரே தடிமனில் இழுத்த கோடு இதில் எதையும் சொல்வதில்லை. தமிழ்நாட்டு மாநிற முகத்தில் கறுப்பு அழுக்காகவே தெரியும். நிழலுக்குச் செம்மை கலந்த ஆழ்பழுப்பு பொருந்தும். மூக்கின் பக்கத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு மூக்குச் சிறகின் அருகே ஆழ்ந்தும் கீழே வர வர மெலிந்தும் வரும். அதை ஒரே கனத்தில் வாய்க்கோடி வரை இழுத்தால் பொம்மலாட்டப் பொம்மையின் தாடை வந்துவிடும்.

இங்கே தமிழ் முகத்துக்கே உரிய ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு ஒப்பனைப் புத்தகங்கள் வெளுத்த தோலை வைத்து எழுதப்பட்டவை. வெளுத்த தோலில் மெல்லிய சுருக்கங்கள் முப்பதுகளிலேயே வலையாகப் படரத் தொடங்கும். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் உள்ள மெலனின் நிறமி வெயிலை ஓரளவு தடுப்பதால் மெல்லிய சுருக்கம் பத்து ஆண்டோ அதற்கு மேலோ தள்ளிப்போகிறது. அதற்குப் பதில் வயது வேறு வழியில் வெளிப்படுகிறது: கண்ணைச் சுற்றிக் கருமை, நெற்றியோரத்திலும் கன்னத்து எலும்பின் மேலும் நிறம் ஆழ்தல், கன்னம் இறங்குதல், மூக்கோர மடிப்பு கனத்தல். ஐம்பத்தைந்து வயதுத் தமிழரைக் கூர்ந்து பார்த்தால் நெற்றி ஏறக்குறைய வழவழப்பாக இருக்க, கண்குழி மட்டும் கறுத்திருப்பதைக் காணலாம். ஆகவே இங்கே கோடுகளைவிட நிறபேதம் கூடுதலாக வேலை செய்யும். கோடு குறைத்து, கண்குழி, பொட்டு, கன்னக்குழி மூன்றிலும் நிறம் ஆழ்த்தினாலே பாதி வயது ஏறிவிடும்; சாயலும் தொடப்படாமல் இருக்கும்.

முடியில் நரையின் இயல்பு பலருக்குத் தெரிந்ததுபோல் தோன்றினாலும் மேடையில் அதிகம் தவறுவது அதில்தான். மயிர்க்காலில் நிறமி செய்யும் உயிரணுக்கள் தீர்ந்துபோகும்போது அந்த முடி வெள்ளையாக வளர்கிறது. பக்கத்து மயிர்க்காலில் அவை மிச்சம் இருந்தால் அது கறுப்பாகவே வளரும். தலை சாம்பலாகத் தெரிவது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து நிற்பதால்தான். சாம்பல் நிற மயிர்கள் கொஞ்சமே. ஆகவே தலை முழுக்கச் சாம்பல் வண்ணம் பூசினால் அது இயற்கையில் இல்லாத ஒன்று. விபூதியோ பவுடரோ தூவினால் இன்னும் மோசம்: பளபளப்பு போய், தலையசைக்கும்போது தோளில் கொட்டும். வெள்ளை ஒப்பனைக் குச்சியையோ கெட்டி வெள்ளை வண்ணத்தையோ பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் எடுத்து, முடி வளரும் திசைக்கு எதிராக வேரிலிருந்து சில மயிர்களை மட்டும் தொட்டுச் செல்வது சரியான முறை. தனி வெள்ளை கறுப்பு முடிமேல் நீலம் பாய்ந்து தெரியும். துளி மஞ்சளோ தந்த நிறமோ கலந்துகொள்ள வேண்டும்.

நரை வரும் வரிசையும் முக்கியம். ஆண்களுக்குப் பெரும்பாலும் காதோரக் கிருதாவிலும் பொட்டிலும் தொடங்கி, மேலேறி, பின்னந்தலைக்குக் கடைசியில் செல்கிறது. தாடியில் முகவாய்க்கட்டை முந்திக்கொள்ளும். பெண்களுக்கு முன்னோரத்திலும் வகிட்டின் இரு பக்கத்திலும் முதலில் தெரியும். புருவம் பெரும்பாலும் தலைக்குப் பின்னால்தான் நரைக்கிறது. தலை பாதி நரைத்த பாத்திரத்துக்குப் புருவத்தையும் வெளுத்துவிட்டால் வயது திடீரென்று இருபது ஆண்டு தாவும்; முகத்தின் உட்பகுதி மாறுவதால் ஆளும் மாறுவார். புருவத்தில் கை வைப்பதை எழுபதுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் அறுபது வயதுத் தலை எல்லாம் வெள்ளையாக இருப்பதும் இல்லை. டை அடிப்பவர்கள் ஏராளம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், வகிட்டில் 1 செ.மீ. வெள்ளை தெரிந்தால் டை அடித்து ஒரு மாதம் ஆயிற்று என்று பொருள். மருதாணி பூசிய தலையில் வெள்ளை மயிர்கள் மட்டும் செம்மஞ்சளாகி, கறுப்பு மயிர்கள் அப்படியே இருக்கும். இத்தகைய தலைகளை மேடையில் பார்ப்பது அரிதாக இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதுப் பாத்திரத்துக்குக் கறுத்த தலையும் வெளுத்த வேரும் கொடுப்பது நரை டோப்பாவைவிட உண்மையாகவும் நடிகரின் சாயலுக்கு நெருக்கமாகவும் இருக்கும், ஏனெனில் அவருடைய சொந்த முடியே தலையில் இருக்கிறது.

இவற்றை எல்லாம் ஒரு முகத்தில் சேர்த்துப் பார்க்கலாம். 28 வயது நடிகர், 58 வயது மரக்காணம் உப்பளத் தொழிலாளியாக நாடக மேடை ஏற வேண்டும் என்று கொள்வோம். முதல் காட்சியில் அவரே இளைஞராக வந்துவிட்டார். இடைவேளையில் அரை மணி நேரம் இருக்கிறது. டோப்பா இல்லை.

முதல் வேலை தோலின் அடிநிறம். அவருடைய நிறத்தைவிட ஒன்றரைப் படி ஆழ்ந்த, சற்றே செம்மை கலந்த அடிவண்ணத்தை ஈர ஸ்பாஞ்சால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். இழுத்துப் பூசக்கூடாது, ஏனெனில் வெயில் பட்ட தோல் ஒரே சீரான நிறத்தில் இராது. நெற்றியின் மேல் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். உப்பளத்தில் தலையில் துண்டு கட்டியே வேலை நடப்பதால், துண்டு மறைத்த பகுதி வெளுத்தும் கோடு குறைந்தும் இருக்கும். பாத்திரம் வீட்டுக்கு வந்து துண்டை அவிழ்க்கும்போது அந்த நிற எல்லை தெரிந்தால், அது அவர் தொழிலையும் வயதையும் ஒருசேரச் சொல்லிவிடும்.

அடுத்து குழிகள். பொட்டு, கன்ன எலும்பின் கீழ், கண்குழியின் உள்மூலை மூன்றிலும் ஆழ்பழுப்பு நிழல். முதுமையில் கொழுப்பு வற்றும் இடங்கள் இவை. எலும்பு இருக்கும் இடங்களான கன்ன முகடு, புருவ மேடு, மூக்குத் தண்டு ஆகியவற்றில் வெளிச்ச வண்ணம் மெல்ல வைக்க வேண்டும். இதனால் சாயல் குறையாது, கூடும். அவருடைய எலும்பமைப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். மூக்கின் அகலத்தை மட்டும் தொடக்கூடாது.

மூன்றாவது கடைக்கண். இங்கேதான் உப்பளத்து முகம் வழக்கமான விதியை மீறுகிறது. நாள் முழுக்க இடுக்கிய கண்ணில், மடிப்பின் உள்ளே வெயில் படுவதில்லை. மேடு மட்டும் கறுக்கிறது. தொழிலாளி நிழலுக்கு வந்து முகத்தைத் தளர்த்தும்போது மடிப்பு திறந்து, உள்ளிருந்த வெளுத்த தோல் மெல்லிய கீற்றுகளாகத் தெரியும். ஆகவே கடைக்கண்ணில் கறுத்த கோட்டுக்குப் பதில் வெளுத்த கீற்றும் அதன் இரு பக்கமும் ஆழ்ந்த நிறமும் வர வேண்டும். நடிகர் கண்ணை இறுக்க இடுக்கிக்கொள்ள, அந்த நிலையிலேயே ஆழ்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றி, பிறகு கண்ணைத் தளர்த்தச் சொன்னால் கீற்றுகள் தாமாகவே அவர் முகத்தில் திறக்கும். இதைவிட நேர்மையான சுருக்கம் எந்தப் பென்சிலாலும் வராது.

பிடரியை மறக்கக்கூடாது. நீண்ட காலம் வெயில் பட்ட பிடரித் தோல் தடித்து, ஆழ்ந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சாய்சதுரக் கட்டங்களாகப் பிரியும். குனிந்து வாரும் தொழிலில் சூரியன் நேராகப் பார்ப்பது பிடரியைத்தான். நடிகர் பார்வையாளருக்கு முதுகு காட்டும் காட்சி இருந்தால் இது அவசியம். கையும் அப்படியே. முகத்தில் 58, கையில் 28 என்று நிற்கும் நடிகர்களை அடிக்கடி காணலாம். புறங்கையில் விரல் எலும்புகளுக்கு இடையே நிழலும் நரம்பின் மேல் வெளிச்சமும் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அது சரியாகும்.

கடைசியாக முடி. கிருதாவிலும் பொட்டிலும் பாதிக்குப் பாதி வெள்ளை, உச்சியில் இங்கொன்றும் அங்கொன்றும், பின்னந்தலையில் ஒன்றுமில்லை. வெயிலில் காய்ந்த நுனிகளில் செம்பழுப்பு. முதல் காட்சியில் அவர் இடப்பக்கம் வகிடெடுத்திருந்தால் இப்போதும் இடப்பக்கமே. மீசையின் அமைப்பு மாறாமல் மூன்று நாள் தாடி மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக, கரடுமுரடான ஸ்பாஞ்சால் ஒற்றப்படும். இந்த இரண்டும்தான் இளைஞனையும் கிழவரையும் ஒரே ஆளாகக் கட்டிவைக்கின்றன. முடிந்தபின் மேடை விளக்கில், அரங்கின் பத்தாவது வரிசையில் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து கோடு கோடாகத் தெரிந்தால் அதிகம். முகம் களைத்ததுபோல் மட்டும் தெரிந்தால் இன்னும் ஒரு படி ஆழ்த்தலாம். கடற்கரைப் புழுக்கத்தில் எண்ணெய் வண்ணம் அரை மணியில் வழியத் தொடங்கும் என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் மெல்லப் பவுடர் ஒற்றுவது கட்டாயம்.

திரையில் கேமரா மிக அருகில் வருவதால் வண்ணத்தால் மட்டும் ஏமாற்ற முடியாது. தோலே மடிய வேண்டும். அதற்கு எளிய வழி திரவ லேட்டக்ஸ். தோலை ஒரு உதவியாளர் இழுத்துப் பிடிக்க, மெல்லிய அடுக்காக லேட்டக்ஸை ஒற்றி, இழுத்த நிலையிலேயே உலர்த்தி, பவுடர் இட்டபின் விட வேண்டும். தோல் சுருங்கும்போது மேலுள்ள படலமும் சேர்ந்து மடியும். இரண்டு மூன்று அடுக்கு போட்டால் ஆழம் கூடும். மடிப்பு நடிகரின் தோல் மடியும் வழியிலேயே விழுவதால் சாயலுக்கு ஆபத்தில்லை. லேட்டக்ஸ் சிலருக்கு ஒவ்வாது; முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. புருவத்திலும் தாடியிலும் படவிடக்கூடாது. வியர்வையில் ஓரம் கிளம்பும்.

இதற்கு மேலுள்ளது செயற்கை உறுப்பு ஒப்பனை. தமிழில் இதன் பெரும் எடுத்துக்காட்டு ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' (1996). அப்போது 41 வயதான கமல்ஹாசனை எழுபதைத் தாண்டிய சேனாபதியாக மாற்ற, ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் அழைக்கப்பட்டார். இந்த முறையில் நடிகரின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணில் முதுமையைச் செதுக்கி, அந்த வடிவத்தை மென்மையான பொருளில் வார்த்து முகத்தில் ஒட்டுவார்கள். இதன் அடிப்படைக் குறை ஒன்று: ஒட்டுவது எதையும் கூட்ட மட்டுமே செய்யும், குறைக்காது. முதுமையோ பாதி இழப்பு. பொட்டும் கன்னமும் வற்றுகின்றன. கூட்ட மட்டும் தெரிந்த முறை அந்த வற்றலை நேரடியாகச் செய்ய முடியாததால், சுற்றியுள்ள இடங்களைத் தடிப்பாக்கிப் பள்ளத்தைக் காட்டுகிறது. முகம் மொத்தத்தில் பெரிதாகிறது, சாயல் சற்று விலகுகிறது. 'இந்திய'னில் இது பாதகமாகவில்லை. தந்தை சேனாபதியும் மகன் சந்துருவும் ஒருவரே நடித்த இரு ஆட்கள். இருவரும் உறவாகத் தெரிந்தால் போதும், ஒரே ஆளாகத் தெரியக்கூடாது. சாயல் விலகியது கதைக்கே உதவியது.

அதே நடிகரின் 'நாயகன்' (1987) வேறு கணக்கு. மணிரத்னம் இயக்கிய அந்தப் படம் வெளியானபோது கமலுக்கு வயது 32. வேலு நாயக்கர் இளைஞராகத் தொடங்கி முதியவராக முடிகிறார், ஆள் ஒருவரே. அங்கே ஒட்டு உறுப்புகள் முகத்தை மூடியிருந்தால் பார்வையாளர் வேலுவை இழந்திருப்பார். முடி மெலிந்து, நெற்றி ஏறி, நரை கூடி, உடலின் நடை தளர்ந்து வயது ஏறுகிறது. கண்ணும் புருவமும் அவருடையவையாகவே இருக்கின்றன. பி.சி.ஸ்ரீராமின் நிழல் மிகுந்த ஒளியமைப்பு குழிகளை ஆழ்த்திக் காட்ட ஒப்பனைக்குத் துணை நின்றது. ஒரே பாத்திரத்தின் வயது நீளும் கதைக்கு 'நாயக'னின் வழியே பொருத்தம். வேறு ஆளாகவே தெரிய வேண்டிய கதைக்கு 'இந்திய'னின் வழி.

மூன்றாவது வழியும் உண்டு: ஆளையே மாற்றிவிடுவது. இளம் பெண்ணாக இருக்கும்போதே முதுமையை வேண்டிப் பெற்றவர் என்று சொல்லப்படும் ஔவையின் கதையை ஜெமினி நிறுவனம் 1953இல் 'ஔவையார்' என்று எடுத்தபோது, இளம் ஔவையாகக் குசலகுமாரியும் முதிய ஔவையாக அப்போது 45 வயதை நெருங்கிக்கொண்டிருந்த கே.பி.சுந்தராம்பாளும் நடித்தார்கள். மாற்றம் தெய்வச்செயலாக ஒரு நொடியில் நிகழ்வதால் சாயல் தொடர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருக்கூத்திலும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அரிதாரமும் கிரீடமும் புஜக்கட்டையும் பாத்திரத்தைச் சொல்கின்றன, நடிகரின் முகத்தை யாரும் தேடுவதில்லை.

வயதைக் குறைப்பது கூட்டுவதைவிடக் கடினம். மடிப்பை வரையலாம்; இருக்கும் மடிப்பை வண்ணத்தால் ஓரளவுதான் மறைக்க முடியும். பள்ளத்தின் நிழலில் தோலைவிட ஒரு படி வெளுத்த வண்ணத்தை வைத்தால் நேர் ஒளியில் மடிப்பு மறையும். பக்க ஒளியில் அதே மடிப்பு மேலே வெள்ளை பூசிய பள்ளமாகத் தெரியும். காதுக்கு முன்னால் தோலைப் பின்னுக்கு இழுக்கும் நாடாவை டோப்பாவுக்குள் மறைப்பது பழைய திரை முறை. சற்றே அதிகம் இழுத்தாலும் கடைக்கண் மேலேறிச் சாயல் போய்விடும். அதனால் இளமைக்கு முடியே முதல் கருவி: நெற்றியோரத்தை நெருங்கி வரச்செய்து, பொட்டுக் குழியை முடியால் மூடி, புருவத்தை அடர்த்தியாக்கினால் முகத்தைத் தொடாமலேயே எட்டு, பத்து ஆண்டு குறையும். காது வயதோடு நீண்டுகொண்டே போகும் உறுப்பு. 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணக்கு, ஆண்டுக்கு ஏறக்குறைய 0.22 மி.மீ. நீள்கிறது என்கிறது. முப்பது ஆண்டில் அது அரை செ.மீ.க்கு மேல். ஐம்பது வயதுக் காதை இருபது வயது முடிக்குக் கீழே விட்டால் ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. சற்று நீண்ட முடி அதையும் மறைக்கும்.

இப்போது திரையில் வயதைக் குறைப்பது பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. வெங்கட் பிரபு இயக்கி 2024 செப்டம்பரில் வந்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் 50 வயதான விஜய் தந்தையாகவும் இளம் மகனாகவும் நடித்தார். மகனின் முகத்தை இளமையாக்கும் வேலையை அமெரிக்காவின் லோலா வி.எஃப்.எக்ஸ் நிறுவனம் செய்தது. 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்' (2006) படத்திலிருந்தே இத்தொழிலில் பெயர் பெற்ற நிறுவனம் அது. படத்துக்கு முன் வந்த 'ஸ்பார்க்' பாடலில் மகனின் தோற்றத்தைப் பார்த்த ரசிகர்கள் இது விஜய் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பிறகு தோற்றம் திருத்தப்பட்டுப் படம் வந்தது.

இந்த நிகழ்ச்சியில் கற்க வேண்டியது இருக்கிறது. மடிப்பை எல்லாம் அழித்து வழவழப்பாக்குவது இளமை ஆகாது. இளம் முகத்திலும் சிரிக்கும்போது மடிப்பு விழுகிறது, தோல் துளைகள் தெரிகின்றன, மேலுதட்டில் நிழல் இருக்கிறது. அவற்றை அழித்தால் வயதோடு சேர்ந்து ஆளும் அழிகிறார். இன்னொன்று, முதுமையைக் காட்டும்போது பார்வையாளருக்கு ஒப்பிட எதுவும் இல்லை; நடிகர் எழுபதில் எப்படி இருப்பார் என்பதை யாரும் பார்த்ததில்லை. இளமை அப்படியல்ல. 1990களில் வந்த படங்களில் இருபது வயது விஜயைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்திருக்கிறது. கற்பனை இளமையைக் காட்டினால் அந்த நினைவு உடனே மறுக்கும். ஆகவே இளமையாக்கும் கலைஞர் அவருடைய பழைய படங்களையே பக்கத்தில் வைத்து, அன்று அவர் கன்னம் எவ்வளவு நிறைந்திருந்தது, மீசை எவ்வளவு மெலிதாக இருந்தது, நெற்றி முடி எங்கே தொடங்கியது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கும். கழுத்தைத் திருப்பும் வேகம், படியிலிருந்து குதிக்கும்போது முழங்கால் மடியும் விதம் ஆகியவை ஐம்பது வயதுடையவை. முகத்தில் எந்த வண்ணமும் எந்தக் கணினியும் அதைத் தொடுவதில்லை. அந்தக் காட்சிகளில் இளம் உடலைக்கொண்ட மாற்று நடிகரைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.